மகளின் பட்டப்படிப்புக் கட்டணம்: எந்த ஏற்றத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 9 வயது, கம்பஸ் போக இன்னும் 10 வருடம். அரச பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கொழும்பில் தனியார் கணினிப் பட்டப்படிப்பு, அதற்கு மாதம் எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் சிக்கி நிற்கிறேன்.

அக்காவின் மகன் அதே படிப்புக்கு 2016இல் கட்டிய பற்றுச்சீட்டில் 9 இலட்சம். 2021இல் 12, 2025இல் 24 இலட்சம்.

முதலில் மொத்த ஏற்றத்தை 9 வருடத்தால் பிரித்தேன், வருடம் 18.5 வீதம் வந்தது. அதை வருடா வருடம் ஏற்றிப் பார்த்தால் 1 கோடி 31 இலட்சம், பயந்துவிட்டேன். பிழை அதில்தான்: கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் 11.5 வீதம், அப்போது 71 இலட்சம். ஆனால் 2021 வரை மட்டும் பார்த்தால் 6 வீதம், 43 இலட்சம். நடுவில் 2022இல் ரூபாய் விழுந்ததுதான் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது.

பணம் முழுதும் முதல் நாளே வேண்டும், சேமிப்புக்கு வருடம் 8 வீத வட்டி என்று வைத்து எக்செலில் போட்டேன்:

```
=PMT(0.08/12,120,0,-4300000)
```

மாதம் 23,500 வருகிறது. 71 இலட்சத்துக்கு 39,000. எங்களால் இப்போது 25,000தான் முடியும், அதுவும் நெல் நன்றாக விளைந்தால்.

2022 போன்ற ஒரு வருடத்தைச் சேர்த்து 11.5ஐ எடுப்பீர்களா, விலக்கிவிட்டு 6ஐ எடுப்பீர்களா?