பூஸ்ட் செய்த வீடியோவை எப்போது நிறுத்துவது?

வணக்கம். ஆன்லைன் தையல் வகுப்புக்காக ஒரு வீடியோவை ஃபேஸ்புக்கில் பூஸ்ட் செய்திருக்கிறேன். இலக்காக வியூஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. மெசேஜ் வர வேண்டும் என்றுதான் வைத்தேன். வியூஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பார்த்தவர்கள் அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பட்ஜெட்டுக்கு என் கணக்கு இது: மெசேஜ் அனுப்பும் பத்துப் பேரில் ஒருவர் சேருகிறார். அதனால் ஒரு மெசேஜுக்கு ஆகும் செலவு, ஒரு மாணவரால் கிடைக்கும் லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நஷ்டம்.

முதலில் அந்த எல்லையில் பாதிதான் ஆனது. இப்போது எல்லையைத் தொட்டுவிட்டது. ஃப்ரீக்வென்சி 1.3-லிருந்து 3.1-க்கு ஏறியிருக்கிறது, அதாவது அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. முதல் மூன்று விநாடியிலேயே தள்ளிவிட்டுப் போகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

ஒருநாள் செலவு ஏறியதற்கெல்லாம் நான் பதறுவதில்லை, அது ஏறி இறங்கும். ஆனால் இது இறங்கவே இல்லை. இப்போதே நிறுத்திவிடலாமா, இல்லை ஆடியன்ஸை விரித்துப் பார்க்கலாமா? தொடக்கத்தை மட்டும் வெட்டி மாற்றி, புது விளம்பரமாகப் போட்டவர்கள் இருந்தால், செலவு இறங்கியதா என்று சொல்லுங்கள். பட்ஜெட்டை ஒரேயடியாக ஏற்றச் சொல்லாதீர்கள், ப்ளீஸ்!