மடல் இழை: போட்டோவில் சரிந்த வரைபடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

தாராவி, டியூஷன் ஆசிரியை

அன்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள் சனிக்கிழமை ஜெராக்ஸுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறேன்.

ஒரு பேருந்து நின்ற நிலையிலிருந்து 6 வினாடியில் 12 மீ/வி எட்டுகிறது. 16ஆம் வினாடி வரை அதே வேகம். பிறகு பிரேக், 20ஆம் வினாடியில் நிற்கிறது. இதற்குத் திசைவேக–நேர வரைபடம் வகுப்பில் வரைந்தோம். வரைபடத்தாளில் ஒரு கட்டம் குறுக்கே 2 வினாடி, நெடுக்கே 2 மீ/வி. அன்று வராத பையனுக்கு நண்பன் இடப்பக்கம் உட்கார்ந்தபடியே படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். வலப்பக்கம் கேமராவுக்குத் தூரமானதால் அங்கே கட்டங்கள் சிறுத்து, எண்களும் மங்கிவிட்டன. பையன் அச்செடுத்து, இடது ஓரக் கட்டம் 1 செ.மீ. என்று பார்த்து, முழுவதையும் ஸ்கேலால் அளந்தான். மட்டமாக இருக்க வேண்டிய கோடு 56 மி.மீ. உயரத்தில் தொடங்கி 50 மி.மீ.க்கு இறங்கியிருந்தது. "பேருந்து மெல்ல வேகம் குறைகிறது" என்று எழுதினான். தொலைவு 127 மீட்டர் வந்தது. சரியான விடை 180.

படம் இப்படிச் சரிந்துபோவதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

முலுண்டு

திசைவேகம் என்பதே இரட்டைச் சொல். இலங்கைப் பாடநூல்களில் அதற்கு வேகம் என்றும், வெறும் வேகத்துக்குக் கதி என்றும் இருக்கிறது. முடுக்கத்துக்கு ஆர்முடுகல். எவ்வளவு அழகு! அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தாராவி

அழகுதான் ஐயா. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. பிள்ளைகள் கையில் இருக்கும் புத்தகத்தில் திசைவேகம், முடுக்கம்தான்.

செம்பூர், பொறியாளர்

சரிவகத் திரிபு என்று போடுங்கள். செவ்வகம் சரிவகமாகிறது, அவ்வளவுதான். போனிலேயே படத்தைத் திருப்பி நேராக்கினால் பிரச்சினையும் தீரும்.

சயான், இயற்பியல் ஆசிரியர்

திருப்பினால் தீராது. தாள் முழுவதும் கோணலாக வைக்கப்பட்டிருந்தால்தான் திருப்புவது உதவும். இங்கே ஒரு பக்கம் சிறுத்திருக்கிறது. நான்கு மூலைகளையும் பிடித்து இழுக்கும் ஸ்கேன் ஆப் அதைச் சரிசெய்யும். ஆனால் புத்தக நடுமடிப்பில் தாள் வளைந்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. அங்கே நேர்கோடே வளைகோடாகும், சீரான முடுக்கம் மாறும் முடுக்கமாகத் தெரியும்.

பையனுக்கு ஸ்கேலே வேண்டாம். கட்டத்தை எண்ணட்டும், கோடு சரிந்தால் கட்டமும் கூடவே சரியும். வரைந்த கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, பின்னால் இருக்கும் கட்டக்கோட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் வேகம் மாறவில்லை, முடுக்கம் சுழி. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தொலைவு. ஒரு கட்டம் 2 × 2, அதாவது 4 மீட்டர். முதல் முக்கோணம் 9 கட்டம், நடுச் செவ்வகம் 30, கடைசி முக்கோணம் 6. ஆக 45 கட்டம், 180 மீட்டர். தொடக்க முடுக்கம் 12-ஐ 6-ஆல் வகுக்க 2 மீ/வி². பிரேக்கில் 12-ஐ 4-ஆல் வகுக்க 3, எதிர்க்குறியோடு.

சரிவகத் திரிபு மட்டும் வேண்டாம். கோட்டுக்குக் கீழே இருக்கும் உருவமே சரிவகம். அதைத்தான் திரிபு என்கிறார்கள் என்று பிள்ளை நினைக்கும்.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கோட்டம் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே! "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்றார் வள்ளுவர். கோடுதல் என்றால் வளைதல். யானைக் கொம்பு கோடு, மலைச் சிகரம் கோடு, மரக்கிளை கோடு. "யாழ்கோடு செவ்விது" என்ற குறளில் யாழ் வளைந்திருந்தும் நல்லது. வளைவைக் குறித்த அந்தச் சொல்தான் இன்று வரியைக் குறிக்கிறது, நேர்கோடு என்று முன்னொட்டு வைத்து நிமிர்த்த வேண்டியிருக்கிறது. படக்கோட்டம் என்க.

முலுண்டு

கோட்டம் என்றதும் என் பேத்தி வள்ளுவர் கோட்டத்தைத்தான் நினைப்பாள். போன வாரம் அவளுக்கு வந்த படத்தில் கீழ் ஓரமே வெட்டுப்பட்டிருந்தது, அச்சு 4-லிருந்து தொடங்கியது. 4-க்குக் கீழே இருந்த பட்டையை அவள் கூட்டவே இல்லை. அதுவும் கோட்டமா?

சயான்

இல்லை, அது வெட்டு. முதலில் சுழி எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

செம்பூர்

பிள்ளைகள் வாயில் வருவது கோணல். அதுவும் தமிழ்தானே? படக்கோணல்.

மாட்டுங்கா

கோணல் பேச்சுவழக்கு. தேர்வுத்தாளில் எழுதும் சொல்லுக்கு ஒரு மிடுக்கு வேண்டாமா?

தாராவி

ஐயா, இன்று வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். கோட்டம் என்றதும் அமைதி. கோணல் என்றதும் கடைசி பெஞ்சுக்காரன் போனைத் தாளுக்கு நேர்மேலே பிடித்துக் காட்டினான். தாளில் இப்படிப் போகிறது: "படக்கோணல் இருந்தால் ஸ்கேலால் அளக்காதே, கட்டத்தை எண்ணு."

மாட்டுங்கா

அடைப்புக்குறிக்குள்ளாவது கோட்டம் என்று போட்டிருக்கலாம். சரி, நடுமடிப்பில் தாள் வளைவதற்கு என்ன பெயர்? அது கோணல் இல்லையே.

சயான்

இல்லைதான். அதற்கு இன்னும் சொல் இல்லை.