கலைச்சொல் தேவை: ஒரு வடிவத்தால் இரு காட்சிகளை இணைக்கும் வெட்டு

செல்வி எழுதியது:

அன்புடையீர், வணக்கம். அசைவூட்டப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குச் செல்ல வேண்டும். 'மேட்ச் கட்', 'விஷுவல் ரைம்' ஆகிய இரண்டுக்கும் சொற்கள் தேவை. கையேடு ஒரு குறும்படத்தை எடுத்துக்காட்டுகிறது. சிறுமி ஊதிய சோப்புக் குமிழி வலப்புறமாக மேலெழுகிறது. உடனே காட்சி மாறி, அதே அளவிலும் அதே திசையிலும் முக்குளிப்பவர் ஒருவரின் வட்டத் தலைக்கவசம் கடலுக்குள் மேலெழுகிறது. இது முதலாவது. படத்தின் முடிவில், முதியவளாகிவிட்ட அவளுடைய மூக்குக்கண்ணாடியின் வட்டம் திரையில் குமிழி இருந்த இடத்திலேயே தோன்றுகிறது. இது இரண்டாவது. இப்போதைக்குப் 'பொருத்த வெட்டு', 'காட்சி எதுகை' என்று எழுதியிருக்கிறேன்.

இளங்கோ எழுதியது:

அம்மையீர், எதுகை இங்கே பொருந்தாது. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதே எதுகை; இக்காட்சிகளில் எது முதலெழுத்து, எது இரண்டாவது? முதலாவதற்கு நம்மிடம் அந்தாதி இருக்கிறது. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக வருவதுபோல, ஒரு காட்சியின் ஈற்று வடிவம் அடுத்ததன் முதல் வடிவமாகிறது. ஆகவே 'அந்தாதி வெட்டு' என்க. இரண்டாவதற்கும் யாப்பிலேயே வழி உண்டு. அளவடியில் முதற்சீரும் நான்காம் சீரும் ஒன்றி, இடைப்பட்ட இரண்டும் ஒன்றாது நிற்பது ஒரூஉ. குமிழிக்கும் கண்ணாடிக்கும் இடையே எத்தனையோ காட்சிகள் கடந்துவிடுவதால் 'காட்சி ஒரூஉ' என்பதே துல்லியம். தொடை என்ற சொல்லே 'தொடு' என்னும் வினையிலிருந்து வந்தது. பூவைத் தொடுப்பதும் காட்சியைத் தொடுப்பதும் ஒரே வினைதான்.

முருகவேல் எழுதியது:

இவ்வளவு தேடல் எதற்கு? அசைவூட்டத்தில் குமிழியே மெல்ல மெல்லத் தலைக்கவசமாக மாறும்படி வரைந்துவிடலாம். அதற்கு 'உருமாற்றம்' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதையே போட்டுவிடுங்கள்.

மீனா எழுதியது:

முருகவேல் ஐயா சொல்வது வேறொரு உத்தி. அப்படி வரைய முடியும் என்பது உண்மைதான்; ஆனால் அங்கே வெட்டே இல்லை, கோடு கண்முன்னே மாறுகிறது. வெட்டில் மாற்றத்தை நாம் காண்பதில்லை. இரண்டும் ஒன்றோ என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

படத்தொகுப்பு மேசையில் அமர்ந்தவள் என்ற முறையில், 'பொருத்தம்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு. அதைக் கேட்கும் மாணவர், குமிழியின் கடைசி ஓவியத்தின்மேல் தலைக்கவசத்தின் முதல் ஓவியத்தை அச்சாக வைத்துவிடுகிறார். வினாடிக்கு 24 சட்டகங்கள், ஓர் ஓவியத்துக்கு 2 சட்டகங்கள் என்று கொள்வோம். குமிழி ஒவ்வோர் ஓவியத்துக்கும் 10 பிக்சல் நகர்ந்துகொண்டிருந்தால், வெட்டுக்குப் பிறகும் தலைக்கவசம் 10 பிக்சல் தள்ளியே தொடங்க வேண்டும். அதே இடத்தில் வைத்தால் வட்டம் 4 சட்டகங்கள், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம், அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு நகரும். இரு ஓவியங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இப்பிழை தெரியாது, ஏனெனில் அங்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால்தான் வெட்டுமிடத்தில் ஒரு தடக்கல் தெரியும். வெளிர்வானத்திலிருந்து இருண்ட கடலுக்கு மாறும்போது, வட்டத்தைப் பின்தொடரும் கண்ணை அந்த ஒளி வேறுபாடு பறித்துக்கொள்வது இன்னொரு சிக்கல்; கடலின் முதல் சில சட்டகங்களைச் சற்று வெளிறவைத்தால் அது தணியும்.

அந்தாதியிலும் இதே இடர் உண்டு. அங்கே ஈற்றுச் சொல் அப்படியே திரும்ப வருகிறது. இங்கே நகர்வு திரும்ப வருவதில்லை, தொடர்கிறது.

தாமஸ் எழுதியது:

என் குறும்படத்தில் ரயிலின் ஊதலொலி கொதிகெண்டியின் ஊதலாக மாறி, அதன் வழியே அடுத்த காட்சி தொடங்கியது. உருவங்களுக்கிடையே எந்த ஒப்புமையும் இல்லை. 'காட்சி' என்று முன்னொட்டுச் சேர்த்தால் இது எதில் அடங்கும்? மாணவர்கள் 'மேட்ச் கட்' என்றே பேசுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இளங்கோ எழுதியது:

மாணவர் பேசுவதையே எழுதுவதானால் கலைச்சொல்லாக்கம் எதற்கு? மீனா அம்மையார் சொன்ன இடர் சொல்லில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. அந்தாதியில் மீண்டும் வரும் சொல் பல இடங்களில் வேறு பொருள் கொண்டே வரும்; வட்டம் ஒன்று, பொருள் இரண்டு என்னும் இந்த வெட்டின் உயிர் அதுதான். ஒலிக்கும் அது பொருந்தும் என்பதால் தாமஸ் அவர்களின் ஊதலையும் அச்சொல் ஏற்கும்.

மீனா எழுதியது:

ஐயா, பொருள் மாறுவது பற்றிய தங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் யாப்பு கற்காத மாணவர் 'ஒரூஉ' என்பதை எப்படிப் படிப்பார்? இரண்டாவதற்கு 'காட்சி இயைபு' போதும்; இயைதல் என்ற வினையாவது அவருக்குப் புரியும்.

செல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் விருப்பப்படி, இப்பதிப்பில் 'பொருத்த வெட்டு', 'காட்சி இயைபு' என்றே வைக்கிறேன். நகர்வு நிற்கக்கூடாது என்பதை வரைபடத்துடன் விளக்கிவிடுகிறேன். ஒலிக்கான சொல் இப்பதிப்பில் இடம்பெறாது.

இளங்கோ எழுதியது:

இயைபு அடியின் ஈற்றில் ஒன்றுவது. குறும்படத்தின் தொடக்கத்தில் வரும் குமிழி எந்த அடியின் ஈறு? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.