ஒரு நாளைக்கு 3,000 ரூபா: எங்கள் வீடு 80 நாள் பிந்திய கணக்கு

கொட்டகலை டீச்சர்

போன வருசம் வீடு கட்டினவர்கள் தங்கள் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் கதை இதுதான். 84 லட்சத்துக்கு ஒரு கட்டட பாஸிடம் பேசி, பெப்ரவரி 1 தொடங்கி 240 நாளில் சாவி தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினோம், அப்படிப் பார்த்தால் செப்டம்பர் 28. பாஸ் சாவி தந்தது டிசம்பர் 17, அதாவது 80 நாள் பிந்தி. பிந்தினால் நாளைக்கு 3,000 ரூபா கழிப்போம் என்றும், நியாயமான காரணம் இருந்தால் முடிக்கும் தேதியை நீடிக்கலாம் என்று ஒரு பந்தியும் எழுதியிருந்தோம். அந்த 3,000ஐ நான் சும்மா போடவில்லை. நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு நாளைக்கு ஆயிரம், வங்கிக் கடன் வட்டி நாளைக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம், ரெண்டையும் கூட்டிக் கொஞ்சம் குறைத்துப் போட்டது. 80 நாளுக்கு 240,000 ரூபா, அவருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த காசில் கழித்துக்கொள்வேன் என்று சொன்னேன். பாஸ் ஒரே பேச்சில் முடித்தார்: "டீச்சர், எனக்கு 71 நாள் நீடிப்பு வேணும்". மழைக்கு 35, வங்கிக் காசு பிந்தினதற்கு 24, நீங்கள் சமையலறைச் சுவரை நகர்த்தச் சொன்னதற்கு 12. நான் வாயடைத்துப் போனேன், ஏனென்றால் சுவரை நகர்த்தச் சொன்னது நான்தான்.

ஹட்டன் தம்பி

அக்கா, 3,000 எல்லாம் ஒரு தொகையா? 15,000 போட்டிருக்க வேணும், அந்தப் பயத்திலேயே ஆள் முடித்துத் தந்திருப்பார். அதோட நீடிப்புப் பந்தியை நீங்கள் எழுதவே விட்டிருக்கக் கூடாது. அந்தப் பந்தி இல்லை என்றால் கேட்க அவருக்கு வழியே இல்லை. எங்கள் அண்ணன் அப்படித்தான் கேட்டு எழுதினார், பிந்தினால் பிந்தினதுதான்.

மலையோரத்து கியூ.எஸ்.

தம்பி, கட்டடக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் அண்ணன் தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டார், கோபிக்க வேண்டாம். நீடிப்புப் பந்தி பாஸுக்கு மட்டும் உதவுகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: வீட்டுக்காரர் காசு பிந்திக் கொடுத்து வேலை நின்றால், அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பாஸிடம் நட்டஈடு கேட்க முடியாது, அது நியாயமில்லை. பந்தி இருந்தால் முடிக்கும் தேதியை அத்தனை நாள் தள்ளி வைத்துவிட்டு, புதுத் தேதியில் இருந்து எண்ணிக்கொண்டு போகலாம். பந்தி இல்லை என்றால் தேதியைத் தள்ளவே வழியில்லை, அதனால் பழைய தேதி செத்துப்போகும். அப்புறம் பாஸ் நியாயமான காலத்துக்குள் முடித்தால் போதும், நாளைக்கு இவ்வளவு என்று எண்ணத் தொடங்கும் இடமே இல்லாமல் போகும். பழைய ஆங்கில வழக்குகளில் இருந்து வந்த கொள்கை இது. டீச்சர் பந்தியை வைத்திருந்ததால்தான் இன்றைக்கு ஏதாவது கழிக்கலாம்.

15,000 விசயமும் அப்படித்தான். அது தண்டம் இல்லை, பிந்தினால் உங்களுக்கு என்ன நட்டம் வரும் என்று முன்கூட்டியே போட்ட மதிப்பு. டீச்சர் வாடகையையும் வட்டியையும் காட்டலாம், 15,000க்கு எதைக் காட்டுவீர்கள்? அதோட அந்தப் பயத்தைப் பாஸ் தன் விலையில் சேர்த்துவிடுவார்.

ஹட்டன் தம்பி

சரி, அண்ணன் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

பண்டாரவளை ராணி

எங்களுக்கு இதை விட மோசம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வரவே நாலு மாசம் போச்சு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த நாளில் இருந்துதான் நாங்கள் எண்ணுகிறோம். அதற்கு எவ்வளவு அபராதம் கேட்கலாம்?

மலையோரத்து கியூ.எஸ்.

அம்மா, அனுமதி எடுப்பது உங்கள் பக்கத்து வேலை என்றால் பாஸிடம் எதுவும் கேட்க முடியாது, அவர்தான் உங்களிடம் நாள் கேட்பார். ஆனால் கையெழுத்து நாளில் இருந்து எண்ணுவதும் சரியில்லை. அனுமதியோடு காணியை ஒப்படைத்த நாளில் இருந்து எண்ணுவது என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திராது.

நோர்வூட் பாஸ்

நான் பாஸ் வேலை செய்கிறவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். டீச்சர், கொட்டகலையில் மே, ஜூன் மாதத்தில் அத்திவாரக் குழி தண்ணீர் நிற்கும் குளம் மாதிரி. கொங்கிரீட் போட முடியுமா? மழைக்கு நாள் தராமல் எப்படி?

மலையோரத்து கியூ.எஸ்.

பாஸ், உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் மே மாதத்தில் அங்கே மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? தென்மேல் பருவமழை வரும் இடத்தில் 240 நாள் என்று ஒத்துக்கொண்டபோது அந்த மழையும் சேர்ந்துதான். ஏப்ரலில் புதுவருசத்துக்கு ஆட்கள் ஊருக்குப் போவதும் அப்படித்தான். வழக்கத்துக்கு மீறின மழை என்றால் வேறு. டீச்சர், அந்த 35 நாளில் என்ன நடந்தது என்று உங்கள் பாஸின் தினக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறதா?

கொட்டகலை டீச்சர்

புத்தகம் இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. படங்களையும் தேதியையும் பார்த்தேன். வீதியில் மண் சரிந்து சீமெந்து லொறி வர முடியாமல் நின்றது 9 நாள். மற்றதெல்லாம் சாதாரண மழை, ரெண்டு படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே பூசிக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் காசு பிந்தின முதல் 6 நாளும் கையில் இருந்த பொருளில் வேலை நடந்தது. சமையலறைச் சுவர் வேலை நடந்த 12 நாளில் 7 நாள் கூரை மரம் வரவில்லை.

மலையோரத்து கியூ.எஸ்.

அப்போ 9 கொடுங்கள். வங்கிக் காசு 24 நாள் பிந்தினது உண்மை, உங்கள் பக்கத்துத் தவறு. ஆனால் முதல் 6 நாள் கையில் இருந்த பொருளில் வேலை நடந்ததாகச் சொன்னீர்கள், ஆகவே 18. சமையலறைக்கு ஒரே கேள்விதான்: சுவரை நகர்த்தாமல் இருந்திருந்தால் வீடு எத்தனை நாள் முந்தி முடிந்திருக்கும்? 12 நாள் வேலை நடந்திருக்கலாம், ஆனால் அதில் 7 நாள் கூரை மரம் வரும் வரை எப்படியும் காத்திருந்த நாட்கள். வீடு பிந்தினது 5 நாள்தான். எல்லாம் சேர்த்து 32. 80இல் 32 போனால் 48 நாள், 144,000 ரூபா.

நோர்வூட் பாஸ்

14 நாளுக்குள் எழுத்தில் கேட்கவில்லை என்று சொல்லி எல்லாத்தையும் மறுக்கவும் சிலர் பார்ப்பார்கள். எனக்கு அப்படி நடந்தது.

மலையோரத்து கியூ.எஸ்.

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அந்த வாதம் வைக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் தானே உண்டாக்கின தாமதத்தை, பிந்திக் கேட்டார் என்று மறுத்துவிட்டு முழு நட்டஈட்டையும் கழித்தால், அதை ஒரு நீதிபதியிடம் நின்று சொல்லிப் பாருங்கள். அந்த வாரத்திலேயே ஒரு வரி மெசேஜ், ஒரு படம், அது போதும் பாஸ்.

கொட்டகலை டீச்சர்

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அந்த 18 நாளில் 8 நாள் பாஸின் ஆட்கள் தலவாக்கலையில் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், எனக்கு அப்பவே தெரியும். காசு வந்திருந்தாலும் வேலை நடந்திராது. அந்த 8ஐயும் நான் ஏன் கொடுக்க வேண்டும்? 24,000 ரூபா அது.

மலையோரத்து கியூ.எஸ்.

ரெண்டு பேர் தாமதமும் ஒரே நாட்களில் விழுந்தால், வழக்கமாக நாளைக் கொடுத்துவிடுவோம், ஆனால் அந்த நாட்களுக்கு மேலதிகச் செலவு எதுவும் பாஸுக்குக் கொடுப்பதில்லை.

நோர்வூட் பாஸ்

காசு இல்லாமல் ஆட்களைச் சும்மா வைத்திருக்கச் சொல்கிறீர்களா? காசு வராததால்தான் போனார்கள்.

கொட்டகலை டீச்சர்

இல்லை பாஸ், காசு நிற்பதற்கு ரெண்டு நாள் முந்தியே போவதாக முடிவெடுத்துவிட்டார்கள். சரி, 144,000க்கு நானும் எங்கள் பாஸும் கையெழுத்து வைத்தோம், அந்த 24,000 மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது. விட்டுவிடு என்கிறார் என் கணவர், கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறது, அதற்கும் அந்தப் பாஸைத்தானே கூப்பிட வேண்டும்.