விடுதிக் காப்புத் தொகை: நோ டியூஸ் கையெழுத்துக்குக் கீழே இருந்த அந்த ஒரு வரி

காரைக்குடி வாசகி:

இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் மனதில் உறுத்துகிறது. 2023 ஏப்ரலில் படிப்பு முடித்து விடுதியைக் காலி செய்தேன். கல்லூரிக் காப்புத் தொகை 3,000 ரூபாய், விடுதிக் காப்புத் தொகை 5,000 ரூபாய். இரண்டுக்கும் தனித்தனி ரசீது. நூலகம், ஆய்வகம், உடற்கல்வி, துறைத் தலைவர், வார்டன் என்று ஒன்பது கையெழுத்து வாங்கி, நோ டியூஸ் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து, டி.சி.யையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஜூலையில் 3,000 வந்தது. விடுதிப் பணம் வரவில்லை. ஆகஸ்டில் அப்பாவுடன் நேரில் போனேன். விடுதி எழுத்தர் பேரேட்டைத் திறந்தார். என் பெயருக்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தது: ஏப்ரல் மெஸ் 26 நாள், 2,860. பொதுச் சேதம் 350. மீதி 1,790. "எல்லாப் பாக்கியும் இல்லை என்று வார்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்றேன். அவர் கோப்பிலிருந்து என் படிவத்தையே எடுத்துக் காட்டினார். வார்டனின் பச்சை மைக் கையெழுத்து. அதற்குக் கீழே, கட்டத்தின் கோட்டை ஒட்டி, நீலப் பேனாவில் பொடி எழுத்து: "ஏப்ரல் மெஸ் பில் நீங்கலாக."

கையெழுத்து வாங்கிய அன்று அந்த வரி அங்கே இருந்ததா? இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. கொடுப்பதற்கு முன்பு கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் என் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருக்கிறது.

1,790 ரூபாயை வாங்கிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் விடுதியைக் காலி செய்தது 24ஆம் தேதி.

நெல்லைச் சட்ட மாணவர்:

தோழி, நீங்கள் வாங்கியிருக்கவே கூடாது. யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் காப்புத் தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பம் கொடுத்த 15 நாளுக்குள் தர வேண்டும். மெஸ் பாக்கியைத் தனியாகக் கேட்கலாமே தவிர, காப்புத் தொகையில் கை வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. என் அண்ணனுக்கும் இப்படித்தான் இழுத்தடித்தார்கள். அந்த அறிவிக்கையை அச்செடுத்து இணைத்துக் கடிதம் எழுதினான், ஒரே வாரத்தில் முழுப் பணமும் வந்தது.

தறிக்கூடம்:

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. கல்லூரி "அனுப்பிவிட்டோம்" என்கிறது, என் கணக்கில் ஒன்றுமில்லை. எட்டு மாதம்.

விண்ணப்பத்துடன் கொடுத்தது முதலாம் ஆண்டில் தொடங்கிய கணக்கின் பாஸ்புக் நகல். இடையில், 2020 ஏப்ரலில், என் வங்கி இன்னொரு வங்கியுடன் இணைந்துவிட்டது. கணக்கு எண் அப்படியே இருந்தது, கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மட்டும் மாறிவிட்டது. நான் கொடுத்த நகலில் பழைய எண். 2021 ஆகஸ்டில் கல்லூரி அனுப்பிய பணம் அங்கே போய்த் திரும்பிவிட்டது. பேரேட்டில் "பட்டுவாடா" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

கடைசியில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவிடம், "பணம் போனதற்கான யுடிஆர் எண்ணைத் தாருங்கள், வங்கியில் கேட்கிறேன்" என்றேன். அவர் கணினியில் அந்த மாதத்து வங்கி அறிக்கையைத் திறந்தார். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். என் பணம் போன வரிக்கு நான்கு வரி கீழே அதே தொகை வரவாக நின்றது, பக்கத்தில் RETURN என்று. எட்டு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

பழைய மெஸ் செயலர்:

நெல்லைத் தம்பி சொன்னதில் பாதி சரி. அந்த அறிவிக்கை, சேர்ந்துவிட்டு இடையில் விலகிப் போகிற மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்புவது பற்றியது. 15 நாள் என்பதும் அந்த இடத்தில்தான் வருகிறது. காப்புத் தொகையை முழுதாகத் தர வேண்டும் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் படிப்பு முடித்தவர் சாப்பிட்ட சாப்பாட்டுக் கணக்கை அதில் கழிக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. பாக்கி விட்டுப் போனால் ஈடுகட்டத்தானே அந்தத் தொகையையே வாங்குகிறார்கள்? உங்கள் அண்ணனுக்குப் பாக்கியே இல்லாமல் இருந்திருக்கும், அதனால் முழுப் பணம் வந்தது.

நான் மூன்றாம் ஆண்டில் எங்கள் விடுதி மெஸ் செயலராக இருந்தேன். டிவைடிங் சிஸ்டம். மாதம் முடிந்து, கடைசி நாள் இரவு அரிசி, பருப்பு, எண்ணெய்க் கையிருப்பை எடை போட்டு, அதைச் செலவிலிருந்து கழித்தால்தான் அந்த மாதத்து நாள் வீதம் தெரியும். உதாரணத்துக்கு நிகரச் செலவு 8,80,000, எல்லா மாணவரும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 8,000 என்றால், ஒரு நாளுக்கு 110. காரைக்குடித் தங்கையின் 2,860ஐ 26ஆல் வகுத்தாலும் அதே 110தான் வருகிறது, ஆகவே அவர் விடுதியிலும் இந்த முறைதான் இருந்திருக்கும். ஏப்ரல் 24 அன்று கையெழுத்துப் போடுகிற வார்டனுக்கு ஏப்ரல் பில் எவ்வளவு என்று தெரிய வழியே இல்லை. டி.சி. தடைபடக் கூடாது என்று "நீங்கலாக" எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அந்த வரியை எழுதுகிறவர் பெரும்பாலும் எழுத்தர், அவருடைய பேனாவில். இரண்டு மை இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தங்கை கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாள் கணக்கு ஓடுவது நீங்கள் ஊருக்குப் போன தேதியை வைத்து அல்ல, காலி செய்தோர் பதிவேட்டில் சாவி ஒப்படைத்துக் கையெழுத்திட்ட தேதியை வைத்து. அதில் 24 என்று இருந்தால் இரண்டு நாள் அதிகம் போட்டிருக்கிறார்கள், 220 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். பதிவேட்டில் 26 என்று இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது பொதுச் சேதம். எங்கள் விடுதியில் உடைந்த குழாய், கதவுத் தாழ்ப்பாள், குழல் விளக்கு எல்லாவற்றுக்கும் தளம் வாரியாகப் பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பட்டியல் இல்லாத 350ஐ நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டையும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை மனுவில் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் கல்லூரி என்றால் அந்த வழி எளிதாகக் கிடைக்காது. முதலில் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுதுங்கள், 2023 யுஜிசி விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் ஒரு மாணவர் பட்டியலைக் கேட்டு வந்தார், பட்டியல் காணவில்லை. வார்டன் சொன்னபடி அவருக்கு முழுத் தொகையும் கொடுத்தேன். அவரோடு அந்தத் தளத்தில் இருந்த மற்ற முப்பது பேருக்கும் கழித்த தொகையைத் திருப்பவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது அதுதான் நினைவில் வருகிறது.

ஒரு தாய்:

என் மகள் முதலாம் ஆண்டிலேயே உடல்நலம் சரியில்லாமல் விலகிவிட்டாள். நோ டியூஸ் கொடுத்தால்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மூலச் சான்றிதழ்களைத் தருவோம் என்கிறார்கள், மீதி ஆண்டுகளுக்கான கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். காப்புத் தொகையைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை. எங்கே எழுதுவது?

பழைய மெஸ் செயலர்:

அம்மா, நெல்லைத் தம்பி சொன்ன அறிவிக்கை உங்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி வேண்டாம்.

ஈரோட்டு அப்பா:

மகனின் இரண்டு காப்புத் தொகையும் சேர்ந்து 8,000. பணம் வருவதற்கு முன்பே ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். 5,000க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. தொகை எழுத வேண்டிய இடம் காலி. "பிறகு நாங்கள் நிரப்பிக்கொள்வோம்" என்றார்கள். மகன் போட்டுவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. வந்தது 6,400. விளக்கம் கேட்டபோது அந்த ரசீதைக் காட்டினார்கள். 6,400 பெற்றுக்கொண்டதாக என் மகனே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

காரைக்குடி வாசகி:

செயலர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு வார்டனுக்கு எழுதினேன். மற்றவர்களுக்கும் உதவலாம், அப்படியே தருகிறேன்:

"நான் 2019 முதல் 2023 வரை விடுதியில் தங்கிப் படித்து முடித்தேன். விடுதிக் காப்புத் தொகை 5,000 ரூபாயில் 1,790 மட்டும் பெற்றேன். காலி செய்தோர் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கத்தின் நகலையும், பொதுச் சேதம் 350 ரூபாய்க்கான பட்டியலையும் தந்து, கூடுதலாகக் கழித்த தொகையைக் கீழ்க்காணும் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். இணைப்பு: காப்புத் தொகை ரசீது நகல், நோ டியூஸ் படிவத்தின் படம், இந்த மாதம் எடுத்த வங்கிக் கணக்கு அறிக்கையின் முதல் பக்கம்."

பாஸ்புக்குக்குப் பதிலாக இந்த மாத அறிக்கையை வைத்தது தறிக்கூடம் எழுதியதைப் படித்ததால். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன்.

பதினெட்டாம் நாள் விடுதி அலுவலகத்திலிருந்து பதிவேட்டுப் பக்கம் வந்தது. 24 என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தோடு. 220 ரூபாய் கணக்கில் வந்துவிட்டது. சேதப் பட்டியல் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இன்னொரு கடிதம் எழுதிவிட்டேன்.

அண்ணன், இரண்டு மை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுத்தர் முதலில் எழுதி, பிறகு வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த வரி கையெழுத்துக்கு மேலே அல்லவா இருக்க வேண்டும்?