திரும்ப வரைந்த இரும்பு–கார்பன் படம்: கோடு எங்கே தவறியது?

வெண்கட்டி

பொருள் அறிவியல் தாளுக்காக இரண்டே பக்கத்தில் ஒரு சுருக்கம் தயாரிக்கிறேன். ஒரு பக்கத்தில் படிக அமைப்புகள், மறுபக்கத்தில் இரும்பு–கார்பன் நிலை வரைபடம். வகுப்பில் அவசரமாகக் கிறுக்கிய படங்களை நிதானமாகத் திரும்ப வரைய வேண்டும்.

சென்ற மாதிரித் தேர்வில் 912, 727, 1147 என்று டிகிரிகளையும், 0.76, 2.14, 4.3 என்று கார்பன் சதவீதங்களையும், எல்லா எண்களையும் சரியாகக் குறித்திருந்தேன். ஆனாலும் 13 மதிப்பெண்ணுக்கு 6தான் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "மூலை?" என்று ஒரே ஒரு சொல். விளக்கம் கேட்கப் போனால் ஆசிரியர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். இந்தப் படத்தோடு மல்லுக்கட்டியவர்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

நுண்நோக்கி

தம்பி, ஆஸ்டெனைட் பகுதியின் வலது மூலையை, அதாவது 2.14 இருக்கும் இடத்தை, மூக்கு நுனி போல மழுக்கி வரைந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரைக்காக டிரேசிங் தாளில் மையால் வரைந்த படம் அது. வளைகோட்டுச் சட்டம் வைத்து இழுத்ததால் மூலை அழகாக உருண்டு வந்தது. கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், மற்ற எதையும் தொடாமல், அந்த மூலையை மட்டும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்த மூலையில் இரண்டு கோடுகள் சந்திக்கின்றன. ஒன்று மேலிருந்து இறங்குகிறது. அதற்குக் கீழே திரவம் மிச்சமில்லை. மற்றொன்று 727இலிருந்து ஏறி வருகிறது. அதற்கு வலப்புறம் சிமென்டைட் பிரிந்து நிற்கும். இரண்டையும் 1147 கோட்டைத் தாண்டிப் பென்சிலால் ஒரு சென்டிமீட்டர் நீட்டுங்கள். இறங்கி வருவது ஆஸ்டெனைட்டும் சிமென்டைட்டும் சேர்ந்த பகுதிக்குள் விழ வேண்டும். ஏறி வருவது ஆஸ்டெனைட்டும் திரவமும் சேர்ந்த பகுதிக்குள் நுழைய வேண்டும். எதுவாவது ஆஸ்டெனைட்டுக்குள்ளேயே திரும்பினால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் படம் தவறு.

ஏன் என்றால், 1147க்குக் கீழே சிமென்டைட் உருவாகத் தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆஸ்டெனைட் திரவத்தோடுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த அரைகுறைச் சமநிலையில் அது கரைத்து வைத்திருக்கும் கார்பன், சிமென்டைட் வந்த பிறகு வைத்திருப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். நீட்டிய கோடு வலப்பக்கம் போக வேண்டியதன் காரணம் இதுவே. மழுங்கிய மூக்கில் அது இடப்பக்கம் போகிறது.

இன்னொன்று: கீழே இடது ஓரத்தில் இருக்கும் ஃபெரைட் பட்டையை அளவுக்கு ஏற்ப வரைய முயலாதீர்கள். கிடை அச்சு 6.7 சதவீதம் வரை 20 சென்டிமீட்டர் என்றால், 0.022 சதவீதம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோடே அதை மூடிவிடும். பக்கத்தில் தனிக் கட்டம் போட்டு அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

அரியர் முடித்தவன்

இந்தத் தாளை மூன்றாவது முயற்சியில் தேறியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கோடுகளைவிடப் படிக அமைப்புப் பக்கத்தில்தான் மதிப்பெண் போகும். பிசிசி இரும்பில், அதாவது ஃபெரைட்டில், மொத்த வெற்றிடம் அதிகம்; எஃப்சிசியில், அதாவது ஆஸ்டெனைட்டில், குறைவு. ஆனால் பிசிசியில் அது சின்னச் சின்னத் துளைகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் ஃபெரைட்டில் கார்பன் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பிசிசியில் நான்முகித் துளைதான் பெரியது. ஆகவே கார்பனை அங்கே ஒரு கறுப்புப் புள்ளியாக வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வரைந்தேன், தேறினேன்.

பாடவேளை

தேறியது மகிழ்ச்சி, ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கும் இடம் தவறு. முதல் பாதி முழுக்கச் சரி. நான்முகித் துளை பெரியது என்பதும் சரிதான். இருந்தும் கார்பன் அங்கே உட்காருவதில்லை, சிறிய எண்முகித் துளையில்தான் உட்காருகிறது. இதை நம்பவைக்க வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது.

கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவே புள்ளி வையுங்கள். ஃபெரைட்டின் பக்க நீளம் 0.287 நானோமீட்டர். அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் இரண்டு இரும்பு அணுக்கள், இரண்டு கனசதுரங்களின் மையத்தில் இருப்பவை, பாதிப் பக்கத் தொலைவில், அதாவது 0.1435இல் நிற்கின்றன. இரும்பின் ஆரம் 0.124ஐக் கழித்தால் மிஞ்சும் இடம் 0.02கூட இல்லை. ஆனால் முகத்தின் நான்கு மூலை அணுக்களும் 0.203 தொலைவில் தாராளமாகத் தள்ளி நிற்கின்றன. கார்பன் இங்கே வந்தால் இரண்டே அணுக்களை விலக்கினால் போதும். நான்முகித் துளையில் நான்கையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும்.

முகத்தின் நடுவில் வைக்கும் புள்ளியிலிருந்து முன்பின் அணுக்களை நோக்கி இரண்டு குட்டி அம்புக்குறி போட்டுவிட்டால், மார்ட்டென்சைட் ஏன் ஒரு திசையில் மட்டும் நீள்கிறது என்ற கேள்விக்கும் அதே படம் பதிலாகிவிடும். எஃப்சிசிக்குக் கனசதுரத்தின் நட்டநடுவே வையுங்கள்; அங்கே ஆறு அணுக்களும் சம தொலைவில் இருக்கின்றன.

பட்டறை வாசல்

ஐயா, நான் படித்தவன் இல்லை, வெப்பச் சிகிச்சைப் பட்டறை நடத்துகிறேன். 0.45 கார்பன் தண்டு ஒன்றை 850 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் போட்டேன். சாவிப் பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. இந்தப் படத்தில் எந்தக் கோட்டைப் பார்த்தால் அது தெரியும்?

நுண்நோக்கி

அண்ணே, இந்தப் படத்தில் உங்கள் 850 சரியா என்று மட்டும் பார்க்கலாம், 0.45க்கு அது ஆஸ்டெனைட்டுக்குள்தான் இருக்கிறது. மிக மெதுவாக ஆறவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இது காட்டும். நேரத்துக்கு இதில் அச்சே கிடையாது, தண்ணீரில் போட்ட கதை இதில் இருக்காது. பள்ளத்தின் உள்மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்ததா? விரிசல் அங்கிருந்துதான் தொடங்கியதா?

பட்டறை வாசல்

கூர்மையாகத்தான் இருந்தது. அதே அச்சில் முன்பு இருபது தண்டு போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே. எண்ணெயில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெண்கட்டி

நுண்நோக்கி ஐயா சொன்னபடி பழைய விடைத்தாளில் ஸ்கேல் வைத்து நீட்டினேன். மேலிருந்து வரும் கோடு கடைசி அரை சென்டிமீட்டரில் உள்ளே மடங்கி, நேராக ஆஸ்டெனைட்டுக்குள் போகிறது. மூக்கேதான்!

இன்னொரு குழப்பம். 0.4 கார்பன் எஃகில் ஃபெரைட் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், என் குறிப்பில் ஓரிடத்தில் 49 சதவீதம், இன்னோரிடத்தில் 94 சதவீதம் என்று இருக்கிறது.

பாடவேளை

இரண்டும் சரி, கேள்விதான் வேறு. 727க்குச் சற்று மேலே ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதன் முனைகள் 0.022உம் 0.76உம். அங்கே (0.76 − 0.40) ÷ (0.76 − 0.022) என்றால் 49 சதவீதம். நுண்நோக்கியில் வெள்ளைத் திட்டுகளாகத் தனியே தெரியும் ஃபெரைட் இது. மீதமுள்ள 51 சதவீத ஆஸ்டெனைட்தான் பெர்லைட்டாக மாறுகிறது. சற்றுக் கீழே மற்றொரு கோடு போட்டால் வலது முனை 6.70க்குத் தாவிவிடும். (6.70 − 0.40) ÷ (6.70 − 0.022) என்றால் 94 சதவீதம். பெர்லைட்டுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் ஃபெரைட்டும் இதில் சேர்ந்துவிட்டது. சுருக்கத்தில் இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து வையுங்கள்.

அரியர் முடித்தவன்

எங்கள் புத்தகத்தில் 723, 0.8 என்று இருந்தது. அதைத்தான் எழுதினேன், மதிப்பெண் வந்தது. நீங்கள் ஆளுக்கு ஆள் 727 என்கிறீர்கள்.

நுண்நோக்கி

பழைய புத்தகங்களில் 723, புதியவற்றில் 727. 2.14க்கு 2.11 என்று போடுபவர்களும் உண்டு. நான் 727 எழுதுவேன். ஆனால் ஒரே படத்தில் ஒரு புத்தகத்தின் 723ஐயும் இன்னொன்றின் 0.76ஐயும் கலக்காதீர்கள்.

பாடவேளை

தேர்வென்றால் அவரவர் பாடப்புத்தக எண்ணையே எழுதட்டும் என்பது என் கட்சி. இதில் நமக்குள் ஒத்துவராது.

வெண்கட்டி

727இலேயே வரைந்துவிட்டேன், மூலை இப்போது கூர்மையாக இருக்கிறது. சிமென்டைட்டுக்குப் பதில் கிராஃபைட் வந்தால் கோடுகள் சற்று மேலே நகரும் என்று சில படங்களில் புள்ளிக்கோடு போடுகிறார்கள். தேர்வில் அதையும் சேர்த்து வரைந்தவர்கள் யாராவது உண்டா?