'சம அளவு' பொருந்துமா? குழாய் ஐசோமெட்ரிக்குக்கு ஒரு சொல்

பயிற்றுநர், சூரமங்கலம்:

அன்பர்களுக்கு வணக்கம். குழாய்ப் பொருத்துநர் பயிற்சிக்காக நாங்கள் எழுதும் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆலையின் தளவரைபடத்தைப் பார்த்து, குழாய் செல்லும் மூன்று திசைகளையும் ஒரே தாளில் காட்டும் ஐசோமெட்ரிக் படத்தை வரைந்து பொருள் பட்டியல் எடுக்கும் பாடத்தில், அந்தப் படத்தைச் 'சம அளவுப் படம்' என்று எழுதியிருந்தேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றின் 4 அங்குலத் தண்ணீர்க் குழாயைப் பயிற்சியாகக் கொடுத்தபோது, ஒரு மாணவர் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, அதையே பெருக்கிக் குழாய் நீளம் எழுதிவிட்டார். கேட்டால், "தலைப்பிலேயே சம அளவு என்றுதானே சார் இருக்கிறது" என்கிறார். குழாய் ஐசோவை நாம் அளவுகோலுக்கு வரைவதில்லை. தாளில் அடங்கும்படி நீட்டியும் சுருக்கியும் வரைந்து, நீளத்தை எண்ணால் எழுதுகிறோம். வேறு சொல் வேண்டும்.

தமிழாசிரியர், ஆத்தூர்:

'சம அளவு' பிழையன்று. கிரேக்கத்தில் ஐசோஸ் என்பது சமம், மெட்ரான் என்பது அளவு. ஆனால் மாணவர் மயங்குகிறார் என்றால் 'மூவச்சுப் படம்' என்று வையுங்கள். மூன்று என்பது உயிர்முன் 'மூ' என்று நின்று வகர உடம்படுமெய் பெறும்; மூவாயிரம், மூவிலை போல மூவச்சு. கையோடு கையாக எல்போவை முழங்கை என்றும், டீயைக் கவை என்றும், வால்வை ஓரதர் என்றும் மாற்றிவிடலாம். அதர் என்பது மலைவழிக்குச் சங்கப் பாடல்கள் தரும் சொல்.

தோட்டக்காரர், ஏற்காடு:

எங்கள் காப்பித் தோட்டத்துக்குக் குழாய் போட்டபோது, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துக் கோடு போட்ட வரைபடத்தைத்தான் முதலில் எடுத்தோம். அதைத்தானே சம அளவுப் படம் என்கிறீர்கள்? அதற்குச் சமஉயரக் கோடு என்ற சொல் ஏற்கெனவே பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதே.

பயிற்றுநர்:

அது வேறு ஐயா. ஆனால் நீங்கள் குழம்பியதும் எனக்கு ஒரு சான்றுதான்.

தளப் பொறுப்பாளர், மேட்டூர்:

மாணவர் ஸ்கேலை வைத்ததுதான் தவறு. இரண்டு எல்போவுக்கு இடையே 3200 என்று எழுதியிருந்தால் 3200 மில்லிமீட்டர் குழாயை வெட்டச் சொல்லுங்கள். சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஓய்வுபெற்ற வரைவாளர், அழகாபுரம்:

தம்பி, அப்படி வெட்டினால் குழாய் வீணாகும். ஐசோவில் எழுதும் 3200, ஓர் எல்போவின் மையத்திலிருந்து மற்ற எல்போவின் மையம் வரை. 4 அங்குல நீள்ஆர எல்போவின் மையத்திலிருந்து அதன் முனை வரை 152 மில்லிமீட்டர். இரண்டுக்கும் 304 போனால் 2896. நடுவில் 150 கிளாஸ் கேட் வால்வு இருந்தால் அதன் முகத்திலிருந்து முகம் வரை 229. இரண்டு வெல்ட்நெக் ஃபிளாஞ்சுக்கு 152. இரண்டு கேஸ்கட்டுக்கு 6. மிச்சம் 2509. நான்கு பற்றவைப்பு இணைப்புக்கு 3 வீதம் இடைவெளி விட்டால் 2497. அதையும் வால்வு நிற்கும் இடத்தைப் பார்த்து இரண்டு துண்டாக்க வேண்டும். பட்டியலில் 2.5 மீட்டர் குழாய், இரண்டு எல்போ, இரண்டு ஃபிளாஞ்சு, ஒரு வால்வு, இரண்டு கேஸ்கட், மூட்டுக்கு எட்டாக 16 ஸ்டட் போல்ட். தவறு நடந்தால் எங்கே தெரியும் என்றால், கடைசித் துண்டைப் பொருத்தும்போது வால்வின் ஃபிளாஞ்சும் குழாயின் ஃபிளாஞ்சும் ஒன்றையொன்று தள்ளும், அல்லது கேஸ்கட் அடைக்க முடியாத இடைவெளி நிற்கும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஐசோமெட்ரிக்கில் சமமாவது மூன்று அச்சிலும் நீளம் சுருங்கும் விகிதம், குழாயின் நீளமன்று. ஆகவே ஆசிரியர் ஐயா சொன்ன வேர் சரி, பயன் இல்லை. 'மூவச்சு' என்றால் எந்த முப்பரிமாணப் படத்துக்கும் பொருந்திவிடும். 'ஓரதர்' இன்னும் சிக்கல்: ஒரு வழியே விடுவது நான்ரிட்டர்ன் வால்வு மட்டும். கேட் வால்வு இரு பக்கமும் விடும். பட்டியலில் இரண்டும் ஓரதர் என்றால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? முழங்கை எனக்குச் சம்மதம்.

தமிழாசிரியர்:

ஓரதரை விட்டுக்கொடுக்கிறேன், அடைப்பிதழ் என்பேன். கவையை விடமாட்டேன். கிளை பிரியும் மரக்கொம்புக்கு இன்றும் ஊரில் கவை என்றுதானே சொல்கிறோம்? டீ என்பது ஒரு ரோமன் எழுத்தின் பெயர்.

தளப் பொறுப்பாளர்:

ஐயா, கவை சாய்ந்து பிரியும். டீ செங்கோணத்தில் பிரியும். சாய்ந்து பிரிவதற்கு எங்களிடம் 'ஒய்' தனியாக இருக்கிறது. வெட்டு நீளம் நான் தப்பாகச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தளத்தில் எல்லோரும் 'ஐசோ' என்கிறார்கள்.

பயிற்றுநர்:

நேரம் இல்லாததால் தலைப்பில் 'குழாய்த்தடப் படம்' என்றும், பாடத்துக்குள் 'ஐசோ' என்றும் வைக்கிறேன். எல்போவும் டீயும் வால்வும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'அளவுகோலுக்கு வரையப்படவில்லை' என்ற வரியைச் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியர்:

'தடம்' என்பது தளவரைபடத்திலேயே இருக்கிறதே! ஐசோவுக்கு உரிய வேறுபாடு அந்தச் சொல்லில் எங்கே? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.